நாக்கை நீட்டினால் மேலேறும் கழுத்துக் கட்டி: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

நான் குழந்தைகள் அறுவை சிகிச்சை செய்பவன். கழுத்தின் நடுவில் கட்டியோடு பிள்ளையைக் கூட்டிவரும் அம்மா அப்பாக்கள் வழக்கமாகக் கேட்பவற்றை, அவர்கள் கேட்கும் விதத்திலேயே இங்கே வைத்திருக்கிறேன்.

பையனுக்கு அஞ்சு வயசு. கழுத்துக்கு நடுவுல நெல்லிக்காய் அளவுக்கு உருண்டையா இருக்கு. நாக்கை நீட்டச் சொன்னா மேல ஏறுது. என்ன கட்டி இது?

பெரும்பாலும் தைரோகுளோசல் நீர்க்கட்டி. பிள்ளைகளுக்குக் கழுத்தின் நட்டநடுவில் பிறவிக் காரணத்தால் வரும் கட்டிகளில் இதுதான் அதிகம். யாரிடமிருந்தும் தொற்றியது அல்ல. நீங்கள் ஏதோ சாப்பிட்டதாலோ சாப்பிடாததாலோ வந்ததும் அல்ல. இன்றைக்கே ஓடிப்போய் அறுத்தாக வேண்டிய அவசரம் இல்லை. ஆனால் தானாகக் கரைந்து போகிற கட்டியும் இல்லை.

நாக்குச் சோதனையைச் சரியாகச் செய்ய ஒரு முறை இருக்கிறது. பிள்ளை முதலில் வாயைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். கட்டியை இரண்டு விரல்களால் மெல்லப் பிடித்துக்கொண்டு, தாடையை ஆட்டாமல் நாக்கை மட்டும் நீட்டச் சொல்லுங்கள். தைரோகுளோசல் கட்டியாக இருந்தால், யாரோ உள்ளிருந்து சுண்டி இழுத்ததுபோல் விரலுக்குள் ஓர் இழுப்பு தெரியும். தாடையும் சேர்ந்து அசைந்தால் கழுத்துத் தோல் இழுபட்டு, எந்தக் கட்டியும் நகர்வதுபோலத்தான் தோன்றும். சொன்னால் புரியாத சின்னப் பிள்ளையாக இருந்தால் முகத்துக்கு எதிரே லாலிபாப்பைப் பிடித்து நக்கச் சொல்லிப் பாருங்கள்.

நாக்குக்கும் கழுத்துக் கட்டிக்கும் என்ன சம்பந்தம்?

தைராய்டு சுரப்பி கழுத்தின் அடியில் இருக்கிறது. ஆனால் அது பிறப்பது அங்கே அல்ல. கரு மூன்று நான்கு வார வயதில் இருக்கும்போது, நாக்கின் பின்பகுதியில் உள்ள ஒரு சின்னக் குழியில் அது உருவாகிறது. அங்கிருந்து கழுத்து நடுவாகக் கீழே இறங்கி, ஏழாவது வார வாக்கில் தன் இடத்தை அடைகிறது. இறங்கும் வழியெல்லாம் ஒரு மெல்லிய குழாய் அதற்குப் பின்னால் நீளும். வேலை முடிந்ததும் அந்தக் குழாய் சுருங்கி மறைந்துவிட வேண்டும். சில பிள்ளைகளுக்கு அதில் ஒரு துண்டு மறையாமல் தங்கிவிடுகிறது. அதன் உட்சுவர் சுரக்கும் சளி போன்ற நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கினால், அதுதான் இந்தக் கட்டி.

அந்தக் குழாய் போகும் பாதையில் ஹயாய்டு என்று ஓர் எலும்பு இருக்கிறது. முகவாய்க்கும் குரல்வளைக்கும் நடுவில், லாடம் போல வளைந்த சின்ன எலும்பு. உடம்பின் வேறு எந்த எலும்போடும் மூட்டாகச் சேராமல், தசைகளிலும் நார்களிலும் தொங்கிக்கொண்டிருப்பது. நாக்கை நீட்டும்போதும் எச்சில் விழுங்கும்போதும் இந்த எலும்பு மேலே போகும். கட்டி அதோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் கூடவே ஏறுகிறது. இந்த எலும்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சை முழுக்க இதைச் சுற்றித்தான்.

பிறவியிலயே இருந்துச்சுன்னா இத்தனை வருஷம் ஏன் கண்ணுக்குத் தெரியல?

குழாயின் மிச்சம் பிறவியிலேயே இருந்தது. நீர் சேர்ந்தது பிறகு. பல பிள்ளைகளுக்குச் சளிக்காய்ச்சலோ தொண்டைவலியோ வந்து போன கையோடு இது முதன்முதலாகத் தெரிய வரும். நாக்கின் அடியிலிருந்து வாயில் உள்ள கிருமிகள் அந்த மிச்சக் குழாய்க்குள் இறங்கிவிடும். கட்டி அதுவரை பட்டாணி அளவில் ஒளிந்திருந்து, ஒரே வாரத்தில் நெல்லிக்காயாகப் பெருக்கும்.

பக்கத்து டாக்டர் நெறி கட்டியிருக்குன்னார். மாமியார் டிபி கட்டின்னு பயப்படுறாங்க. அதெல்லாம் இல்லையா?

நெறிக்கட்டிகள் பெரும்பாலும் கழுத்தின் பக்கவாட்டில் வரும். ஒன்றுக்கு மேல் இருக்கும். நாக்கை நீட்டினால் அசையாது. முகவாய்க்குக் கீழே நடுவிலும் சில நெறிகள் உண்டு என்பதால் குழப்பம் வருவது இயல்புதான். காசநோய்க் கட்டியும் பொதுவாகப் பக்கவாட்டில், கொத்தாக வரும்.

உண்மையில் எங்களையே ஏமாற்றுவது டெர்மாய்டு என்ற இன்னொரு பிறவிக் கட்டி. அதுவும் நட்டநடுவில் வரும். வழக்கமாக நாக்கோடு நகராது; ஆனால் ஹயாய்டு எலும்பின்மேல் ஒட்டியிருந்தால் அதுவும் நகரும். சில சமயம் திறந்து பார்த்த பிறகுதான் எதுவென்று உறுதியாகிறது. எனவே நாக்குச் சோதனை நல்ல துப்புதான், தீர்ப்பு அல்ல.

கையில தொட்டாலே தெரியுதே, ஸ்கேன் எதுக்கு? வீண் செலவுதானே?

இந்த ஒரு ஸ்கேனை மட்டும் தயவுசெய்து தட்டிக்கழிக்காதீர்கள். நாங்கள் அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்வது கட்டியைப் பார்ப்பதற்கு மட்டுமல்ல. தைராய்டு தன் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு.

நீர்க்கட்டி என்று நினைத்து வரும் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு, அந்த உருண்டையே தைராய்டு சுரப்பியாக இருக்கும். கீழே இறங்க வேண்டிய சுரப்பி பாதி வழியில் நின்றுவிட்டது. பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்கு உள்ள ஒரே தைராய்டு அதுதான். அதைக் கட்டி என்று எடுத்துப் போட்டுவிட்டால், வளர வேண்டிய வயதில் பிள்ளைக்கு உடம்பில் துளி தைராய்டு ஹார்மோன்கூடச் சுரக்காது. வாழ்நாள் முழுவதும் மாத்திரைதான். அதைவிடக் கொடுமை, எடுத்தது தைராய்டு என்று யாருக்கும் தெரியாமலே மாதங்கள் ஓடிவிடுவது. பிள்ளை மந்தமாகி, உடம்பு ஊதி, உயரம் நின்றுபோன பிறகு காரணம் தேடுவார்கள்.

வலியில்லாத, மயக்கம் தேவைப்படாத, சில நிமிடங்களில் முடிகிற ஸ்கேன் இந்தத் தவறைத் தடுத்துவிடும். ரிப்போர்ட்டில் கட்டியின் அளவோடு, தைராய்டின் இரண்டு பக்கமும் அதன் இடத்தில் இயல்பாகத் தெரிகிறது என்ற வரியும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்கேன் எடுத்தவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். கூடவே, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் செய்வது என் வழக்கம். தைராய்டு அதன் இடத்தில் தெரியவில்லை என்றால் அடுத்து தைராய்டு நியூக்ளியர் ஸ்கேன். கட்டிதான் சுரப்பி என்று உறுதியானால் பெரும்பாலும் கத்திக்கு வேலை இல்லை. தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை கொடுத்தாலே டி.எஸ்.எச் குறைந்து, உருண்டை மெல்ல மெல்லச் சுருங்கும்.

மஞ்சளும் சுண்ணாம்பும் பற்று போட்டா அமுங்காதா? ஊசி போட்டு நீரை உறிஞ்சிடக் கூடாதா?

பற்று தோலோடு நிற்கும். கட்டி அதற்கு வெகு கீழே இருக்கிறது. சுண்ணாம்பு பட்டுத் தோல் வெந்துபோய் வரும் பிள்ளைகளும் உண்டு. அந்தத் தோல் ஆறும்வரை அறுவை சிகிச்சையைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும். ஊசியால் உறிஞ்சினால் கட்டி அன்றைக்குச் சுருங்கும். நீரைச் சுரக்கும் உறை உள்ளேயே இருப்பதால் மறுபடி நிறையும்.

திடீர்னு செவந்து வீங்கிடுச்சு, தொட விட மாட்டேங்கிறான். கீறி சீழை எடுத்துடலாமா?

முதலில் ஆன்டிபயாடிக். வாய்க் கிருமிகளுக்குக் கேட்கும் மருந்தைப் பிள்ளையின் எடைக்கு ஏற்ப டாக்டர் எழுதித் தருவார். டாக்டர் சொன்ன எல்லா நாட்களும் கொடுங்கள்; இரண்டாம் நாள் வலி குறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள். மருந்துக்கு அடங்காமல் சீழ் நன்றாகக் கோத்துக்கொண்டால், முடிந்தவரை ஊசியால் உறிஞ்சுவதுதான் எனக்குச் சரி. கத்தியால் கீறினால் அந்தச் சமயத்துக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் கீறிய இடம் மூடாமல் சளிபோன்ற நீர் கசியும் துளையாக மாறலாம். உறையும் கிழிந்து சுற்றியுள்ள தசையோடு ஒட்டிக்கொள்ளும். பின்னால் செய்ய வேண்டிய முழு அறுவை சிகிச்சை அதனால் கடினமாகும். கட்டி உடையும் நிலைக்கு வந்துவிட்டாலோ, பிள்ளைக்கு மூச்சுவிடச் சிரமம் இருந்தாலோ கீறித்தான் ஆக வேண்டும். அப்போது தயங்கக் கூடாது.

புண் அடங்கிய பிறகு ஆறு வாரமாவது பொறுத்துத்தான் அறுவை சிகிச்சை. வீக்கம் இருக்கும்போது எது குழாய், எது தசை என்றே பிரித்தறிய முடியாது.

கட்டியை எடுக்கச் சொன்னா எலும்பை வெட்டணும்கிறாங்க. எலும்பு எதுக்கு?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நேரம் எடுத்துத்தான் பதில் சொல்வேன்.

கண்ணுக்குத் தெரியும் கட்டி, குழாயின் ஒரு வீங்கிய இடம் மட்டும்தான். அதிலிருந்து மேலே நாக்கின் அடிவரை குழாய் நூல்போலப் போகிறது. ஹயாய்டு எலும்பைக் கடக்கும் இடத்தில் அது எலும்பின் முன்பக்கம் ஒட்டிக்கொண்டும், சில சமயம் பின்பக்கம் வளைந்தும் போகும். நுண்ணோக்கியில் பார்த்தால் அங்கே ஒரே குழாய்கூட இல்லை; சின்னச் சின்னக் கிளைகளாகப் பிரிந்திருக்கும். எலும்பை விட்டுவிட்டு அவற்றை மட்டும் கண்ணால் பார்த்துப் பிரித்தெடுப்பது யாராலும் ஆகாது. தோட்டத்தில் கோரைப்புல்லை அறுத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மேலே எவ்வளவு சுத்தமாக அறுத்தாலும், கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்வரை முளைத்துக்கொண்டே இருக்கும்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இருந்த வால்டர் சிஸ்ட்ரங்க் 1920-இல் இதற்கான முறையை எழுதினார். கட்டி, எலும்பின் நடுத்துண்டு, அதற்கு மேலே நாக்கின் குழிவரை உள்ள தசையின் ஒரு தண்டு, மூன்றையும் பிரிக்காமல் ஒன்றாக எடுப்பது. குழாயைத் தேடுவதே இல்லை. அது இருக்கக்கூடிய இடத்தையே சேர்த்து எடுத்துவிடுகிறோம். நூறு வருடத்துக்கு மேலாகியும் இன்றும் அதுதான் முறை. வெறும் கட்டியை மட்டும் எடுத்தால் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் திரும்ப வரும். சிஸ்ட்ரங்க் முறையில் எடுத்தால் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் வரும், முன்பே சீழ் பிடித்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக.

எடுக்கும் எலும்பு ஒரு சென்டிமீட்டர், அல்லது அதற்குச் சற்று மேல். சின்னப் பிள்ளைகளுக்கு அது இன்னும் குருத்தெலும்பு போல மென்மையாகத்தான் இருக்கும். வேறு எலும்போடு மூட்டு இல்லாததால் நடுத்துண்டு போனாலும் பேச்சோ விழுங்குவதோ மாறுவதில்லை. இரண்டு பக்கத் துண்டுகளும் தசைகளின் பிடியில் அப்படியே நிற்கும்.

கட்டியை மட்டும் எடுத்தா என்ன ஆகும்னு யாருக்காவது நடந்து பார்த்திருக்கீங்களா?

பார்த்திருக்கிறேன். ஆறு வயதுப் பெண் பிள்ளை. அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். சளி பிடித்த வாரத்தில் கழுத்துக் கட்டி சிவந்திருக்கிறது. ஓர் இடத்தில் கீறி சீழ் எடுத்தார்கள். ஆறியது. மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் ஊசிமுனை அளவு துளை. அதில் விட்டுவிட்டுக் கோந்து மாதிரி நீர் கசிந்து, பள்ளிச் சீருடையின் காலரில் கறையாகும். பிள்ளை கழுத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். பிறகு வேறோர் இடத்தில் துளையையும் அதன் கீழிருந்த கட்டியையும் எடுத்தார்கள். எலும்பைத் தொடவில்லை. நான்கு மாதத்தில் மறுபடி வீக்கம், மறுபடி துளை.

என்னிடம் வந்தபோது தழும்பு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. நாக்கை நீட்டினால் அந்தத் தழும்பே மேலே ஏறியது. உள்ளே எலும்போடு இன்னும் தொடர்பு இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஸ்கேனில் தைராய்டு அதன் இடத்தில் இருந்தது, டி.எஸ்.எச் சரியாக இருந்தது. ஆன்டிபயாடிக் கொடுத்து ஆறு வாரம் காத்திருந்தோம். பிறகு துளையைச் சுற்றிய தோல், கீழே தழும்பாகிப்போன தசை, எலும்பின் நடுத்துண்டு, நாக்கடித் தசை என எல்லாவற்றையும் ஒரே கட்டையாக எடுத்தோம். முதல் முறையே செய்திருந்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. பயாப்சியில், எலும்பை ஒட்டி மூன்று தனித்தனிக் குழாய்க் கிளைகள் என்று வந்தது.

அந்தத் துளையைப் பிறவிக் குறை என்றே அவளுடைய அம்மா அதுவரை நினைத்திருந்தார். தைரோகுளோசல் துளை எதுவும் பிறவியிலேயே வருவதில்லை. கட்டி தானாக உடைந்தோ, கீறப்பட்டோ, அரைகுறையாக எடுக்கப்பட்டோதான் உண்டாகிறது.

எந்த வயசுல செய்யலாம்? வளர்ந்த பிறகு பார்த்துக்கலாமா?

கண்டுபிடித்து, புண் இல்லாத ஒரு சமயம் பார்த்துச் செய்வதே நல்லது. கைக்குழந்தையாக இருந்து தொல்லை எதுவும் இல்லையென்றால் நான் ஒரு வயதாவது தாண்டட்டும் என்று பொறுப்பேன். மிகச் சின்னக் குழந்தைகளுக்கு ஹயாய்டு எலும்பு குரல்வளைக் குருத்தெலும்பின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கும். எலும்பு என்று நினைத்துக் குரல்வளையில் கை வைத்துவிடும் ஆபத்து உண்டு.

ஒரு விதிவிலக்கு: கட்டி கழுத்தில் தெரியாமல் நாக்கின் அடியிலேயே இருந்தால், கைக்குழந்தைக்கு மூச்சில் சத்தம் வரும், பால் குடிக்கத் திணறும். அதற்குக் காத்திருக்கக் கூடாது.

வளரட்டும் என்று விட்டால் புற்றாகுமா என்றும் கேட்பார்கள். பெரியவர்களின் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்று போல அப்படி இருக்கிறது. பிள்ளைகளில் மிக மிக அரிது. நான் எடுக்கச் சொல்வது அதற்காக அல்ல, மறுபடி மறுபடி சீழ் பிடிப்பதற்காக.

ஆபரேஷன் அன்னைக்கு என்ன நடக்கும்?

முழு மயக்கம் கொடுத்துத்தான். திட உணவுக்கும் பாலுக்கும் ஆறு மணி நேரம், தாய்ப்பாலுக்கு நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீர் எதுவரை கொடுக்கலாம் என்று மயக்க மருத்துவர் சொல்வார். அழுகிறான் என்று பாட்டி ஊட்டும் ஒரு பிஸ்கட்டுகூட ஆபரேஷனை மறுநாளைக்குத் தள்ளிவிடும். சளியோ இருமலோ காய்ச்சலோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

தோள்களுக்கு அடியில் தலையணை வைத்துக் கழுத்தை நிமிர்த்துவோம். தோல் மடிப்போடு மடிப்பாகக் குறுக்கே மூன்று சென்டிமீட்டர் அளவில் கீறுவோம். எலும்பை வெட்டிய பிறகு, மயக்க மருத்துவரோ உதவியாளரோ வாய்க்குள் விரல் வைத்து நாக்கின் அடியைக் கீழே அழுத்துவார். அந்த விரலை நோக்கித்தான் நான் தசைத் தண்டை எடுத்துக்கொண்டு போவேன். உள்ளே கசியும் ரத்தம் வடிய டிரெய்ன் என்ற ஒரு சின்னக் குழாய் வைக்க நேரலாம். மறுநாள் எடுத்துவிடுவோம்.

அப்புறம் வீட்டுல என்ன பார்த்துக்கணும்?

முதல் 24 மணி நேரம் நாங்களே பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நாங்கள் கவலைப்படும் ஒரே விஷயம் உள்ளே ரத்தம் கட்டுவது. கழுத்து வேகமாகப் புடைத்துக் கெட்டிப்படும். மூச்சில் கரகரப்பு வரும். எச்சிலை விழுங்க முடியாமல் வழியும். பிள்ளை படுக்க மாட்டேன் என்று எழுந்து உட்காரும். இதில் எது தெரிந்தாலும் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டில் என்றால் போன் செய்து கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

மற்றபடி ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம். விழுங்கும்போது மூன்று நான்கு நாள் வலிக்கும். ஆறவைத்த கஞ்சி, குழைத்த ரசம் சாதம், தயிர் சாதம், பாலில் கரைத்த இட்லி போதும். முறுக்கும் மிக்சரும் ஒரு வாரம் வேண்டாம். நான்காம் நாளுக்குப் பிறகு தையல் சிவந்து வலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ புண்ணில் கிருமி சேர்ந்திருக்கலாம், காட்டுங்கள். தையலுக்கு அடியில் வலியில்லாத மெத்தென்ற வீக்கம் சில நாள் இருப்பது பெரும்பாலும் நீர், தானே வற்றும். பத்து நாளில் பள்ளிக்கு அனுப்பலாம், மூன்று வாரம் கழித்து விளையாட விடலாம்.

தழும்பு முதல் சில மாதம் சிவந்து தடித்திருக்கும். ஒரு வருடத்தில் கழுத்து மடிப்போடு கலந்துவிடும், ஒரு சில பிள்ளைகளுக்குத் தவிர.

பயாப்சி ரிப்போர்ட் கையில கொடுத்தாங்க. அதுல என்ன பார்க்கணும்?

இரண்டு விஷயம். கட்டி தைரோகுளோசல் நீர்க்கட்டிதான் என்று எழுதியிருக்கிறதா என்பது ஒன்று. எடுத்த துண்டில் எலும்போ குருத்தெலும்போ இருந்ததாகக் குறிப்பு இருக்கிறதா என்பது இன்னொன்று. அது இருந்தால் ஹயாய்டின் நடுத்துண்டும் சேர்ந்தே வந்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். அந்த வார்த்தையே இல்லையென்றால் தையல் பிரிக்கப் போகும்போது டாக்டரிடம் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. திரும்ப வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் வருடத்துக்குள் வந்துவிடும். அதனால் அந்த ஒரு வருடமும், சளி பிடித்து விட்ட சமயங்களில் தழும்பைத் தொட்டுப் பாருங்கள், நாக்கையும் ஒருமுறை நீட்டச் சொல்லுங்கள். ஸ்கேன், டி.எஸ்.எச், ஆபரேஷன் குறிப்பு, பயாப்சி நான்கையும் ஒரே பைலில் போட்டு வையுங்கள். மறுபடி கத்தி எடுக்க வேண்டி வந்தால், அடுத்த டாக்டர் முதலில் கேட்பது அந்த ஆபரேஷன் குறிப்பைத்தான்.